ஸ்குவாட் ஏறியது, தாண்டல் இறங்கியது: வேக இழைகளுக்கு என்ன ஆயிற்று?

*"எனக்கு 23 வயது. மாவட்ட அளவில் நீளம் தாண்டுகிறேன். என் சிறந்த தாண்டல் 6.82 மீட்டர். ஜூன் மாதத்திலிருந்து வாரம் மூன்று நாள் ஜிம்மில் ஸ்குவாட், வாரம் நான்கு நாள் காலையில் 8 கிலோமீட்டர் ஓட்டம். ஸ்குவாட் 90 கிலோவிலிருந்து 125 கிலோவுக்கு வந்துவிட்டது, உடம்பு எடை 3 கிலோ கூடியிருக்கிறது. ஆனால் அக்டோபரில் 6.60-ஐத் தாண்டவே முடியவில்லை. தூரம் ஓடியதால் வேக இழைகள் மெது இழைகளாகிவிட்டன, ஓட்டத்தை விட்டுவிட்டு வெயிட் மட்டும் போட்டால் திரும்ப வந்துவிடும் என்கிறார் ஜிம் நண்பர். போன வருஷம் தேர்வுக்காக ஏழு வாரம் ஒன்றுமே செய்யவில்லை. திரும்பி வந்த முதல் வாரம் கால் வழக்கத்தைவிடத் துள்ளியது. அது எப்படி? பிப்ரவரி கடைசியில் போட்டி இருக்கிறது."*
*— ஒரு வாசகர், சேலம்*

தம்பி, உங்கள் வேக இழைகள் மெது இழைகளாக மாறவில்லை. ஐந்து மாதப் பயிற்சியில் அது நடப்பது மிக அரிது. ஆனால் வேக இழைகளுக்குள்ளேயே இரண்டு வகை உண்டு. அதிவேக வகையில் இருந்தவை அடுத்த வகைக்கு நகர்ந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. உங்கள் நண்பர் பழியை ஓட்டத்தின் மேல் மட்டும் போடுகிறார். அந்த நகர்வைச் செய்ததில் ஸ்குவாட்டுக்கும் பங்கு உண்டு. வெயிட் மட்டும் போட்டால் அவை திரும்பாது, இன்னும் குறையும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் போன வருஷத் துள்ளலுக்கும் காரணம் தெரிந்துவிடும், பிப்ரவரிக்கு என்ன செய்யலாம் என்பதும் தெளிவாகும்.

முதலில் வகைகளைப் பார்ப்போம். தசை இழை சுருங்குவதற்கு உள்ளே மயோசின் என்ற புரதம் இழுக்க வேண்டும். அது எவ்வளவு சீக்கிரம் பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்கிறது என்பதுதான் இழையின் வேகம். மனிதனின் கை கால் தசைகளில் இந்த மயோசினில் மூன்று வடிவங்கள் இருக்கின்றன. ஒன்றாம் வகை மெதுவானது. 2ஏ வேகமானது. 2எக்ஸ் அதைவிட வேகமானது, ஆனால் சீக்கிரம் களைத்துப்போகும். ஜிம் சுவர்களில் ஒட்டியிருக்கும் படங்களில் '2பி' என்று ஒன்று பார்த்திருப்பீர்கள். அது எலியின் கால் தசையில் உண்மையிலேயே இருக்கிறது. மனிதக் காலில் பல வருஷம் 2பி என்று எழுதப்பட்டது உண்மையில் 2எக்ஸ்தான் என்று 1990-களில் தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் இன்னும் பழைய படங்களில் தொங்குகிறது.

இந்த மூன்றுக்கும் இடையிலான தூரத்தை ஒரே ஒருவருடைய தொடை நன்றாகக் காட்டியது. 60 மீட்டர் தடை ஓட்டத்தை 7.30 வினாடியில் ஓடி உள்ளரங்க உலக சாதனை வைத்திருந்த வீரரின் தொடைத் தசையிலிருந்து இழைகளை எடுத்து, ஒவ்வொன்றாகக் கருவியில் மாட்டி அளந்தார்கள். முடிவுகள் 2015-இல் வெளியாயின. ஒரே அளவு தசைக்கு ஒன்றாம் வகை இழை 2.5 பங்கு திறன் கொடுத்தால், 2ஏ 17.1 பங்கும் 2எக்ஸ் 35.1 பங்கும் கொடுத்தன. அவருடைய இழைகளில் 100-க்கு 24 கலப்பில்லாத 2எக்ஸ். சாதாரண ஆட்களிடம் அவ்வளவு கலப்பில்லாத 2எக்ஸ் கிடைப்பதில்லை. டேக்-ஆஃப் பலகையில் உங்கள் கால் இருப்பது சுமார் 0.12 வினாடி. அந்த நேரத்துக்குள் யார் அதிகம் இழுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் தூரம். அதனால் 2எக்ஸ் பற்றி நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இப்போது பயிற்சி என்ன செய்கிறது என்று பார்ப்போம். எனக்குப் பிடித்த சோதனை டென்மார்க்கில் கோபன்ஹேகனில் நடந்தது, 2000-இல் வெளிவந்தது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஒன்பது இளைஞர்களை எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் காலுக்குக் கனமான வெயிட் பயிற்சி, பிறகு மூன்று மாதம் எந்தப் பயிற்சியும் கிடையாது. ஆரம்பத்தில், மூன்றாம் மாத முடிவில், ஆறாம் மாத முடிவில் என்று மூன்று முறை தொடையின் வெளிப்பக்கத் தசையிலிருந்து துளி சதை எடுத்தார்கள். தோலை மரத்துப்போகச் செய்து, சின்னதாகக் கீறி, தடித்த ஊசி ஒன்றை உள்ளே விட்டு, சில அரிசி மணி அளவு சதையை வெட்டி எடுக்கும் பயாப்ஸி என்ற முறை அது. அந்தச் சதையைக் கரைத்து, கூழ்த் தகட்டில் மின்சாரம் பாய்ச்சினால் மூன்று மயோசின்களும் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து நிற்கும். எந்தக் கோடு எவ்வளவு கருப்பு என்று அளந்தால் எது எத்தனை சதவீதம் என்று வந்துவிடும்.

ஆரம்பத்தில் அவர்களுடைய தசையில் 2எக்ஸ் மயோசின் 9.3 சதவீதம். மூன்று மாதம் வெயிட் போட்ட பிறகு 2 சதவீதம். இழந்த இடத்தை 2ஏ எடுத்துக்கொண்டது. மெது வகை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. வெயிட் போட்டால் அதிவேக இழை கூடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இதுவே அதிர்ச்சி. அடுத்த மூன்று மாதம் சும்மா இருந்த பிறகு எடுத்த சதையில் 2எக்ஸ் 17.2 சதவீதம்! பழைய அளவுக்குத் திரும்பியதோடு நிற்கவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது.

நான் முதன்முதலில் இதைப் படித்தபோது அட்டவணையில் எண்ணை மாற்றி அச்சடித்துவிட்டார்களோ என்று நினைத்தேன். அப்படியில்லை. 2005-இல் அதே நாட்டுக் குழு 14 பேரை வைத்து இதே போன்ற சோதனை செய்தது. பயிற்சியில் 2எக்ஸ் விழுந்தது, நிறுத்தியபோது ஏறியது. கூடவே, எடை எதுவும் கட்டாமல் முழங்காலை முடிந்த வேகத்தில் நீட்டச் சொல்லி அளந்தார்கள். பயிற்சியை விட்டு மூன்று மாதம் கழித்து அந்த வேகம், பயிற்சிக்கு முன்பு இருந்ததைவிடவும் 14 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் பலம், தசையின் பருமன் இரண்டும் பழைய அளவுக்கே இறங்கிவிட்டன. உங்கள் ஏழு வாரத்தையும் அந்த முதல் வாரத் துள்ளலையும் இங்கே பொருத்திப் பாருங்கள்.

நீடித்த ஓட்டமும் சைக்கிளும் இதே திசையில்தான் தள்ளுகின்றன. ஸ்வீடனில் எட்டு வாரம் சைக்கிள் பயிற்சி கொடுத்துச் செய்த ஒரு சோதனை 1977-இலேயே இதைக் காட்டிவிட்டது. அதிவேக வகை குறைந்தது, 2ஏ கூடியது. ஆக, முழுக்க வேறு வேறு வேலை செய்யும் இரண்டு பயிற்சிகளும் 2எக்ஸை ஒரே பக்கம் தள்ளுகின்றன. காரணம், 2எக்ஸ் என்பது தசை சும்மா இருக்கும்போது தானாகப் போய் நிற்கும் இடம். முதுகுத் தண்டு அடிபட்டுக் கால் செயலிழந்தவர்களின் தசையைப் பார்த்தால் இது தெரியும். அந்தத் தசைக்கு வேலையே இல்லை, அதனால் காலப்போக்கில் அதில் 2எக்ஸ் பெருகிக்கொண்டே போகிறது. நரம்பு ஒவ்வொரு முறை தூண்டும்போதும் இழைக்குள் கால்சியம் வெளியாகிறது. அந்தக் கால்சியம் திரும்பத் திரும்ப வந்தால், 2ஏ மயோசினைச் செய்யும் மரபணு வேலையைத் தொடங்கி, 2எக்ஸ் மரபணு ஓய்வுக்குப் போகிறது. சாதாரண வாழ்க்கையில், மாடிப்படி ஏறுவதிலும் பஸ்ஸுக்கு ஓடுவதிலும்கூட, 2எக்ஸ் இழைகளை மூளை கூப்பிடுவதே அபூர்வம். அவை கடைசி வரிசையில் நிற்பவை. கனமான ஸ்குவாட்டில் கூப்பிடப்படுகின்றன. 8 கிலோமீட்டர் ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மற்ற இழைகள் களைத்த பிறகும் சில கூப்பிடப்படலாம். எந்த வழியில் கூப்பிட்டாலும் அது இழைக்கு 'வேலை' என்றுதான் பதிவாகிறது.

இது ஒரே நாளில் நடப்பதில்லை. மரபணுவின் உத்தரவு சீக்கிரம் மாறிவிடும், ஆனால் இழைக்குள் ஏற்கெனவே இருக்கும் பழைய மயோசின் கழிந்து புதியது உட்கார வாரக்கணக்கில் ஆகும். நடுவில் உள்ள காலத்தில் ஒரே இழையில் 2எக்ஸும் 2ஏயும் கலந்து இருக்கும். புதிதாக வெயிட் தொடங்கியவர்களிடம் அமெரிக்காவில் 1994-இல் வெளிவந்த ஒரு சோதனையில், பெண்களுக்கு இரண்டே வாரத்திலும் ஆண்களுக்கு நான்கு வாரத்திலும் அதிவேக இழைகளின் குறைவு தெரிந்துவிட்டது. தசை பருத்துத் தெரிவதற்கு வெகு முன்னால் இது தொடங்கிவிடுகிறது. நீங்கள் ஜூனில் தொடங்கினீர்கள் என்றால் ஜூலையிலேயே பெரும்பகுதி நகர்ந்து முடிந்திருக்கும்.

2ஏயிலிருந்து மெது வகைக்குப் போவது மட்டும் வேறு கதை. அந்தக் கோட்டைச் சில மாதங்களில் யாரும் எளிதில் தாண்டுவதில்லை. பல பத்தாண்டு ஓடியவர்களிடம் அப்படி நடக்கலாம் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவர் 30 ஆண்டு நீடித்த பயிற்சி செய்தவர், மற்றவர் செய்யாதவர். செய்தவரின் தொடையில் மெது இழைகள் மிக அதிகம் என்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. உங்கள் ஐந்து மாதத்தை அந்த 30 ஆண்டோடு சேர்த்துப் பயப்பட வேண்டாம்.

சரி, 2எக்ஸ் 9-லிருந்து 2-ஆனால் தாண்டலில் எவ்வளவு போகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தடை ஓட்ட வீரரின் எண்களையும் டென்மார்க் இளைஞர்களின் சதவீதங்களையும் சேர்த்துப் போடும் கரடுமுரடான கணக்கு இது. உங்கள் தொடையை யாரும் ஊசி போட்டுப் பார்க்கவில்லை, அதனால் விகிதத்தை மட்டும் கவனியுங்கள்.

தசையில் பாதி மெது வகை என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு முன் 50 மெது, 41 2ஏ, 9 2எக்ஸ். ஒவ்வொன்றையும் அதன் திறனால் பெருக்கிக் கூட்டினால் சராசரியாக 11.4 பங்கு வருகிறது. மூன்று மாத வெயிட்டுக்குப் பிறகு 50, 48, 2. அதே கணக்கில் 10.2. அதாவது ஒவ்வொரு கிராம் தசையும் பத்தில் ஒரு பங்கு திறனை இழந்திருக்கிறது. ஆனால் தசை அதே அளவில் நிற்கவில்லை. 10 சதவீதம் பருத்தது என்றால் மொத்தம் 11.2. போனது கிட்டத்தட்ட முழுவதும் திரும்ப வந்துவிட்டது. அதோடு வேக இழைகள்தான் மெது இழைகளைவிட அதிகம் பருக்கின்றன, நரம்பும் அதிக இழைகளை ஒரே நேரத்தில் கூப்பிடப் பழகுகிறது. இந்த இரண்டையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் தராசு லாபப் பக்கம் சாயும். அதனால்தான் 2எக்ஸ் கரைந்தும் வெயிட் போடும் தாண்டல் வீரர்கள் தூரமாகத் தாண்டுகிறார்கள்.

மூன்று மாதம் சும்மா இருந்தால்? 50, 33, 17. தசை பழைய பருமனுக்குத் திரும்பிவிட்டது. மொத்தம் 12.9. காகிதத்தில் இதுதான் மிகப் பெரிய எண். இதைப் பார்த்துவிட்டு, 'அப்படியானால் போட்டிக்கு முன் மூன்று மாதம் தூங்கினால் போதுமே' என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. பல வருஷங்களுக்கு முன் ஓர் ஓட்டக்காரருக்கு, போட்டிக்கு முன் ஆறு வாரம் வெயிட்டையும் வேக ஓட்டத்தையும் முழுக்க நிறுத்தச் சொன்னேன். திரும்பி வந்தபோது அவருடைய கால் அற்புதமாக விரைந்தது. இரண்டாவது வேக ஓட்டத்திலேயே தொடையின் பின்தசை கிழிந்தது. அந்தப் பருவம் அவருக்கு அதோடு முடிந்தது. அந்தத் தவறு என்னுடையது. இழை வேகமாகச் சுருங்கத் தயாராக இருந்தது, ஆனால் அந்த வேகத்தில் நீண்டுகொண்டே பாரம் தாங்கும் பலம் ஆறு வாரத்தில் போய்விட்டிருந்தது. உங்கள் வேலைக்கு இது இன்னும் ஆபத்து. பலகையில் கால் ஊன்றும் நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் ஒரே காலில் இறங்குகிறது. எடையே இல்லாமல் முழங்காலை நீட்டும் வேகம் கூடியதால் மட்டும் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது.

இன்னொன்று, அந்த ஏற்றம் நிலைக்காது. மறுபடி பயிற்சி தொடங்கினால் சில வாரங்களில் 2எக்ஸ் திரும்ப இறங்கிவிடும். போன வருஷம் முதல் வாரம் துள்ளிய கால், ஐந்தாவது ஆறாவது வாரத்தில் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் உங்கள் 22 சென்டிமீட்டர் எங்கே போனது? இழை வகை மாறியதால் இவ்வளவு போக வாய்ப்பில்லை என்று மேலே உள்ள கணக்கே சொல்கிறது. என் சந்தேகம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, 2ஏ என்ற ஒரே பெயருக்குள் இருக்கும் வித்தியாசம். வெயிட் வளர்க்கும் 2ஏ இழை பருமனானது. தூர ஓட்டம் வளர்க்கும் 2ஏ இழை மெலிந்தே இருக்கும். அதனுள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியா பெருகும், சுற்றிலும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடும். கூழ்த் தகட்டில் இரண்டுக்கும் கோடு ஒன்றேதான், பலகையில் இரண்டும் ஒன்றில்லை. நீங்கள் ஒரே இழையிடம் காலையில் ஒன்றாகவும் மாலையில் இன்னொன்றாகவும் ஆகச் சொல்கிறீர்கள். ஸ்குவாட் ஏறியிருக்கிறதே என்பீர்கள். ஏறியிருக்கிறது, உண்மை. ஆனால் ஸ்குவாட்டில் முழு பலத்தைச் சேர்க்க உங்களுக்கு அரை வினாடியோ அதற்கு மேலோ கிடைக்கிறது. பலகையில் அதில் கால் பங்குதான். இரண்டு பயிற்சிகளையும் ஒன்றாகச் செய்பவர்களிடம் அதிகபட்ச பலம் ஓரளவு ஏறிக்கொண்டே இருக்கும், சட்டென்று வெடிக்கும் பலம்தான் முதலில் அடிவாங்கும். உங்கள் கடிதத்தில் இருப்பது அப்படியே அந்த வடிவம்.

இரண்டாவது, வாரம் 32 கிலோமீட்டர் ஓடிவிட்டு மூன்று நாள் ஸ்குவாட்டும் போடும் கால் எப்போதுமே கொஞ்சம் களைத்துத்தான் இருக்கும். களைத்த காலோடு எவ்வளவு தாண்டினாலும் நரம்பு வேகத்தைப் பழகாது. கூடிய 3 கிலோவையும் அந்தக் கால்தான் தூக்க வேண்டும்.

இனி பிப்ரவரி. நவம்பரிலிருந்து எண்ணினால் கைவசம் சுமார் 16 வாரம். காலை ஓட்டங்களை நான்கிலிருந்து ஒன்றாக்குங்கள், அதையும் 20 நிமிட மெதுவான ஓட்டமாக ஸ்குவாட் இல்லாத நாளில் வையுங்கள். மிச்சம் கிடைத்த காலைகளில் இரண்டை 30 மீட்டர் வேக ஓட்டத்துக்குக் கொடுங்கள். ஐந்தாறு முறை ஓடினால் போதும். ஒவ்வொன்றுக்கும் நடுவே நான்கு நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுங்கள். ஓய்வு அதிகமாகத் தெரியும். இருக்கட்டும்.

ஸ்குவாட்டை விட வேண்டாம். செய்யும் முறையை மட்டும் மாற்றுங்கள். 2017-இல் வெளிவந்த ஸ்பெயின் நாட்டுச் சோதனை ஒன்று இதற்கு மிகவும் உதவும். எட்டு வாரம் இரண்டு குழுக்கள் ஒரே எடைகளில் ஸ்குவாட் செய்தன. ஒரு குழு, தோளில் வைத்த இரும்புத் தண்டு மேலே போகும் வேகம் 20 சதவீதம் குறைந்ததுமே செட்டை நிறுத்தியது. இன்னொரு குழு 40 சதவீதம் குறையும் வரை, அதாவது ஏறத்தாழ முடியாத நிலை வரை, போனது. இரண்டு குழுக்களிலும் ஸ்குவாட் பலம் ஒரே மாதிரி ஏறியது. ஆனால் நின்ற இடத்தில் எகிறும் உயரம் முதல் குழுவுக்கு 9.5 சதவீதமும் இரண்டாவது குழுவுக்கு 3.5 சதவீதமும் கூடியது. தசையைப் பார்த்தபோது இரண்டாவது குழுவில் 2எக்ஸ் குறைந்திருந்தது, முதல் குழுவில் அது காப்பாற்றப்பட்டிருந்தது. எடை ஒன்றுதான். களைப்பின் அளவுதான் வேறு. 2எக்ஸைத் தள்ளுவது பாரத்தைவிட, எத்தனை முறை திரும்பத் திரும்ப வேலை வாங்குகிறோம் என்பதுதான் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

வேகம் அளக்கும் கருவி உங்கள் ஜிம்மில் இருக்காது. தேவையும் இல்லை. 100 கிலோவில் உங்களால் எட்டு முறை முடியும் என்றால் நான்கில் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் இறங்குவது நிதானமாக, எழுவது முழு வேகத்தில். பக்கத்தில் நிற்பவர் பார்த்து 'தண்டு மெதுவாகிறது' என்று சொன்னால் நான்கு ஆகாவிட்டாலும் கீழே வைத்துவிடுங்கள். வாரம் மூன்று நாள் போட்டதை இரண்டாகக் குறையுங்கள். நண்பர் 'இன்னும் ரெண்டு போடலாமே' என்பார். அந்த ரெண்டுதான் உங்களுக்கு வேண்டாத ரெண்டு.

போட்டிக்கு முந்தைய இரண்டரை வாரத்தில் செட்டுகளின் எண்ணிக்கையைப் பாதிக்குக் கீழே கொண்டுவாருங்கள், எடையைக் குறைக்காதீர்கள். தாண்டும் பயிற்சியின் வேகத்தையும் குறைக்காதீர்கள். இந்த இரண்டரை வாரத்தில் 2எக்ஸ் பொங்கி எழும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அதற்குக் காலம் போதாது. நடப்பது வேறு. தூர ஓட்ட வீரர்கள் மூன்று வாரம் ஓட்ட அளவைக் குறைத்தபோது அவர்களுடைய 2ஏ இழைகளின் விட்டம் 7 சதவீதமும் ஒவ்வோர் இழையின் உச்சத் திறன் 9 சதவீதமும் கூடியதாக 2010-இல் அளந்திருக்கிறார்கள். வகை மாறவில்லை. இத்தனை நாள் வேலைப்பளுவில் அமுங்கிக் கிடந்த இழை நிமிர்ந்தது, அவ்வளவுதான். உங்களுக்கும் அதுவே போதும்.

இது சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ளப் பயாப்ஸி வேண்டாம். பணம் கட்டி எச்சிலைக் கொடுத்தால் இழை வகை சொல்கிறோம் என்று வரும் மரபணுச் சோதனைகளும் வேண்டாம். மாதக்கணக்கில் நகரும் ஒன்றை, பிறந்ததிலிருந்து மாறாத மரபணு எப்படிச் சொல்லும்? ஒரே ஒரு முறை தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 80 சதவீதத்தை எத்தனை முறை தூக்குகிறீர்கள் என்று எண்ணி வகை சொல்வார்கள். அதையும் நம்பாதீர்கள், அது பயிற்சிப் பழக்கத்தையும் மனத்திட்பத்தையும் சேர்த்தே அளக்கிறது. அதற்குப் பதில் ஒவ்வொரு திங்கட்கிழமையும், ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு, நின்ற இடத்திலிருந்து மூன்று நீளத் தாண்டல், சிறந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் ஓடிவந்து அடுத்த 20 மீட்டருக்கு எத்தனை வினாடி என்று செல்போன் வீடியோவில் பாருங்கள். ஓட்டத்தைக் குறைத்த முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே இரண்டும் முன்னேறினால், உங்களைப் பிடித்து வைத்திருந்தது களைப்பு என்று அர்த்தம்; இழை அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆறாவது எட்டாவது வாரத்தில் மெதுவாக முன்னேறினால் பருமனும் நரம்பும் பலன் தருகின்றன. எட்டு வாரம் கழித்தும் இரண்டும் அசையாமல் இருந்தால் தொடையை விட்டுவிட்டு ஓட்டப் பாதையைப் பாருங்கள். கடைசி மூன்று அடியைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து உங்கள் கோச்சிடம் காட்டுங்கள். 3 கிலோ கூடிய பிறகு உங்கள் அடி அளவுக் குறிகள் பழைய இடத்திலேயே இருக்கின்றனவா, பலகைக்கு வரும்போது அடியைச் சுருக்குகிறீர்களா, கடைசி அடிக்கு முந்தைய அடியில் இடுப்பு இறங்குகிறதா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். திங்கட்கிழமைக் குறிப்புகளை டிசம்பர் கடைசி வரை சேர்த்து, எந்த வாரம் காய்ச்சல், எந்த வாரம் தூக்கமில்லை என்பதையும் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். ஜனவரி அட்டவணையை அதை வைத்துப் போடுவோம்.